சரியா, தவறா? விடை இருப்பது திருத்தத்தில்!

"கோடைக்காலத்தில் பூமி சூரியனுக்கு அருகில் வருகிறது. அதனால்தான் வெயில் கொளுத்துகிறது." இது சரியா, தவறா?

ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் பெரும்பாலும் யோசிக்காமல் 'சரி' என்று பதில் வரும். பெரியவர்களிலும் பலர் அதையே சொல்வார்கள். அடுப்பை நெருங்கினால் சுடுகிறது, இதுவும் அப்படித்தான் என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. ஆனால், பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். மார்கழிப் பனியில் நாம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கும் நேரம் அது!

வானிலை, காலநிலை பற்றிய பாடங்களில் இப்படிப்பட்ட தவறான எண்ணங்கள் நிறைய. மழை, வெயில், காற்று ஆகியவற்றைப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதற்கு முன்பே பார்த்துப் பழகியவர்கள். காரணங்களையும் தாங்களாகவே கற்பித்துக்கொண்டு வருகிறார்கள். புதிய பாடம் அந்தப் பழைய எண்ணத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது, அடியில் இருப்பது கலையாமலே இருக்கிறது. அதை வெளியே கொண்டுவர நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் ஓர் எளிய கருவி இருக்கிறது: 'சரியா, தவறா? தவறெனில் திருத்தி எழுதுக' என்ற பயிற்சித்தாள்.

இந்தத் தாளின் உயிர் 'திருத்தி எழுதுக' என்ற பாதியில்தான் இருக்கிறது. வெறும் 'சரி, தவறு' என்றால் குருட்டாம்போக்கில் குறித்தாலும் பாதி சரியாகிவிடும். எட்டு வாக்கியங்கள் கொண்ட தாளில் ஒன்றுமே தெரியாத மாணவர் ஆறோ அதற்கு மேலோ சரியாகக் குறிக்க ஏழில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 35 பேர் படிக்கும் வகுப்பில் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் ஐந்து பேர் அளவுக்கு 'நன்று' வாங்கிவிடுவார்கள். திருத்தத்தில் இந்த அதிர்ஷ்டம் செல்லாது. பிள்ளை எங்கே வழி தவறியது என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

எட்டு வாக்கியங்கள்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கொடுக்கத்தக்க ஒரு தாள் இது. விடைகளைப் படிப்பதற்கு முன் நீங்களும் ஒருமுறை குறித்துப் பாருங்கள்.

1. கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் வருவதால் வெப்பம் கூடுகிறது.
2. சென்னையில் ஏப்ரல் இறுதியில் ஒரு நாள் நண்பகலில், நிமிர்ந்து நிற்கும் கம்பத்தின் நிழல் எந்தப் பக்கமும் சாயாது.
3. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. எனவே அது மழை மிகுந்த காலநிலை கொண்ட ஊர்.
4. எந்த ஊரிலும், 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 லிட்டர் நீர்.
5. செய்தியில் 'இன்று 40 டிகிரி' என்று சொல்வது, நேர் வெயிலில் வைத்த வெப்பமானி காட்டும் அளவு.
6. தமிழ்நாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் அதிக மழையைத் தருவது வடகிழக்குப் பருவமழை.
7. புயலின் கண் ஓர் ஊரைக் கடக்கும்போது அங்கே காற்று அடங்கும்.
8. ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டை வழியாக வெப்பம் உள்ளே வருவதால் பூமி சூடாகிறது.

இவற்றில் 2, 4, 7 சரி. மற்றவை தவறு. இனி ஒவ்வொன்றாகத் திருத்துவோம்.

வெயிலும் நிழலும்

முதல் வாக்கியத்துக்குப் பல பிள்ளைகள் எழுதும் திருத்தம் இது: "கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் வருவதால் வெப்பம் கூடுவதில்லை." தவறான வாக்கியத்தின் வாலில் ஓர் 'இல்லை' சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் எதனால் கூடுகிறது? அந்த இடம் காலியாகவே இருக்கிறது. காரணம் சொன்ன வாக்கியத்தைத் திருத்தும்போது சரியான காரணத்தை அங்கே வைத்தாக வேண்டும்.

பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றி வரும்போது இந்தச் சாய்வினால் சில மாதங்கள் வட பாதியும் சில மாதங்கள் தென் பாதியும் சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும். எந்தப் பாதி அப்படிச் சாய்ந்திருக்கிறதோ அங்கே கதிர்கள் செங்குத்தாக விழும், பகல் பொழுதும் நீளும். எனவே திருத்தம் இப்படி அமைய வேண்டும்: "கோடையில் சூரியக் கதிர்கள் செங்குத்தாக விழுவதாலும் பகல் நீள்வதாலும் வெப்பம் கூடுகிறது."

சான்று என்ன? ஜனவரியில் நாம் குளிரில் இருக்கும்போது ஆஸ்திரேலியாவில் கடும் கோடை. தூரம்தான் காரணம் என்றால் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் கோடை வர வேண்டும். ஜனவரியில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே சுமார் 14.7 கோடி கி.மீ., ஜூலையில் சுமார் 15.2 கோடி கி.மீ. வித்தியாசம் மூன்று சதவீதம் அளவே. அதுவும் நம் கோடைக்கு எதிர்த்திசையில் இருக்கிறது.

இரண்டாம் வாக்கியம் முதல் வாக்கியத்தின் சான்றைப் பள்ளி மைதானத்துக்கே கொண்டுவருகிறது. சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. அதனால் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்போது கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். இதை 'நிழலில்லா நாள்' என்கிறார்கள். கன்னியாகுமரி தெற்கே இருப்பதால் அங்கே இது ஏப்ரல் 10 வாக்கிலேயே வந்துவிடும்.

ஒரு மீட்டர் நீளக் குச்சி ஒன்று போதும், பிள்ளைகளே அளந்து பார்க்கலாம். இரண்டு தவறுகள்தான் இதில் வழக்கமாக நேரும். ஒன்று, குச்சி செங்குத்தாக நிற்காது. நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அதற்கு இணையாக நிறுத்தினால் இது சரியாகிவிடும். இன்னொன்று, கடிகாரம் 12 காட்டியதும் அளந்துவிடுவது. ஏப்ரல் 24 அன்று சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 12.07 மணிக்கு. 12 மணிக்கே அளந்தால் சுமார் 3 செ.மீ. நிழல் மேற்குப் பக்கம் நீண்டிருக்கும். 'நிழல் விழுகிறதே, வாக்கியம் தவறு' என்று பிள்ளை எழுதிவிடும். ஏழு நிமிடம் பொறுத்தால் அந்த நிழலும் மறையும்.

அதே குச்சியை டிசம்பர் 21 வாக்கில் நண்பகலில் அளந்தால் நிழல் சுமார் 74 செ.மீ. இருக்கும். சூரியன் அப்போது பூமிக்கு அருகில்தான் இருக்கிறது. ஆனால், கதிர்கள் சாய்வாக வந்து அதிகப் பரப்பில் பரவுகின்றன. சென்னையில் பகலும் ஜூன் மாதத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் குறைவு. முதல் வாக்கியத்தின் திருத்தத்தை இந்த 74 செ.மீ. நிழல் கண்ணெதிரே காட்டிவிடும்.

'ஆகஸ்டிலும் சூரியன் உச்சிக்கு வருகிறதே, ஏன் மே மாதம்போலச் சுடவில்லை?' என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்த வகுப்பு நன்றாகப் போகிறது என்று பொருள். ஆகஸ்டில் மேகம் அதிகம், மாலையில் அடிக்கடி மழை, நிலமும் ஈரம். சூரியனின் கோணம் முக்கியக் காரணம்தான், ஆனால் அது ஒன்று மட்டுமே வெப்பத்தைத் தீர்மானிப்பதில்லை.

ஒரு நாள் மழையும் முப்பது ஆண்டுக் கணக்கும்

மூன்றாம் வாக்கியம்தான் தாளிலேயே கடினமானது. காரணம், அதன் முதல் பாதி உண்மை. 2023 டிசம்பர் 18 அன்று காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. அந்த மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையே 70 செ.மீ.க்குள்தான். ஓராண்டில் பெய்வதைவிட அதிகமான மழை ஒரே நாளில் கொட்டியது.

தவறு 'எனவே' என்ற இடத்தில் தொடங்குகிறது. ஒரு நாளில், ஒரு வாரத்தில் வளிமண்டலம் எப்படி இருக்கிறது என்பது வானிலை. ஓர் இடத்தில் நீண்ட காலமாக அது வழக்கமாக எப்படி இருந்து வருகிறது என்பது காலநிலை. அதற்கு உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுக் கணக்கை அளவுகோலாக வைத்திருக்கிறது. இப்போது ஒப்பிடப் பயன்படுத்துவது 1991 முதல் 2020 வரையிலான சராசரி. அந்த அளவுகோலில் தூத்துக்குடி, தமிழ்நாட்டில் மழை குறைந்த மாவட்டங்களில் ஒன்று.

திருத்தம்: "2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. அது அந்த நாளின் வானிலை. நீண்ட காலச் சராசரிப்படி அது மழை குறைந்த பகுதியைச் சேர்ந்த ஊர்." முதல் பாதியைப் பிள்ளை தொடாமல் விட்டதா என்பதைக் கவனிக்க வேண்டும். வாக்கியத்தில் ஏதோ தவறு என்று தெரிந்தவுடன் '95 செ.மீ. பெய்யவில்லை' என்று சரியான பகுதியை அடித்துவிடும் பிள்ளைகள் உண்டு. தவறான இடத்தை மட்டும் தொடுவது தனித் திறமை, அதற்குப் பழக்கம் தேவை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெருமழையை வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு குளிர்ந்த நாளை வைத்துக் காலநிலை மாறவில்லை என்றும் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட பெருமழைகள் பல பத்தாண்டுகளில் எத்தனை முறை வருகின்றன, அந்த எண்ணிக்கை கூடுகிறதா என்று பார்ப்பதுதான் காலநிலைக் கணக்கு.

அளவுகளின் கதை

நான்காம் வாக்கியம் சரி. 'எந்த ஊரிலும்' என்ற சொல் வேண்டுமென்றே சேர்த்தது. 'எல்லா', 'எப்போதும்', 'எந்த' என்று வந்தால் அது தவறாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகள் விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள். பாடம் தெரியாமலே விடை சொல்ல அது குறுக்குவழியாகிவிடும். அதனால், இச்சொற்கள் வரும் சரியான வாக்கியம் ஒன்றாவது தாளில் இருக்க வேண்டும்.

சரியான வாக்கியத்துக்கும் ஒரு வரி காரணம் எழுத வேண்டும் என்பது விதி. இங்கே அது சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் என்பது 10,000 சதுர செ.மீ. 1 மி.மீ. என்பது 0.1 செ.மீ. இரண்டையும் பெருக்கினால் 1,000 கன செ.மீ., அதாவது 1 லிட்டர். காயல்பட்டினத்தின் 95 செ.மீ. மழையை இதில் போட்டால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 950 லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். அதன் மேல் 5 செ.மீ. மழை பெய்தால் 4,650 லிட்டர் நீர். பிள்ளை தன் வீட்டு மாடிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் மழை அளக்கும்போது நேரும் தவறும் இதில்தான் விளங்கும். மழை பிடிக்க வாளியை வைப்பார்கள். வாளியின் வாய் அகலம், அடி குறுகல். வாய் 30 செ.மீ., அடி 20 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். அகன்ற வாய் பிடித்த நீர் குறுகிய அடியில் சேர்வதால், 1 செ.மீ. மழைக்கு அடியில் 2 செ.மீ.க்கு மேல் நீர் நிற்கும். அளவுகோலை வைத்துப் பார்த்தால் மழை இரு மடங்குக்கு மேல் பெய்ததாகக் காட்டும். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள, அடி தட்டையான டப்பாதான் சரி. அதைக் கட்டடம், மரம் ஆகியவற்றிலிருந்து தள்ளித் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அளக்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வு மையம் மழையைக் கணக்கெடுப்பதும் அந்த நேரத்தில்தான். செய்தியில் 'காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில்' என்று வருவது இதனால்தான்.

ஐந்தாம் வாக்கியம் தவறு. திருத்தம்: "செய்தியில் 'இன்று 40 டிகிரி' என்று சொல்வது, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்த வெப்பமானி காட்டும் காற்றின் வெப்பநிலை." வானிலை நிலையங்களில் கால்கள் வைத்த வெள்ளை மரப்பெட்டி ஒன்று நிற்கும். ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்ததால் அது அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. பக்கவாட்டில் சாய்ந்த பலகைச் சட்டங்கள் இருக்கும். அவற்றின் வழியே காற்று போய்வரும், வெயில் நேரடியாக உள்ளே விழாது. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் வெப்பமானி உள்ளே இருக்கும்.

ஏன் இத்தனை ஏற்பாடு? நேர் வெயிலில் வைத்த வெப்பமானி கதிர்களை வாங்கித் தானே சூடாகிவிடும். அது காட்டுவது காற்றின் வெப்பமல்ல, தன் சொந்த வெப்பம். கறுப்புச் சட்டம் போட்ட வெப்பமானி ஒரு எண் காட்டும், வெள்ளைச் சட்டம் போட்டது வேறு எண் காட்டும். ஊருக்கு ஊர் ஒப்பிடவே முடியாமல் போகும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரி செல்சியஸ் என்ற உச்ச அளவும் நிழலில் எடுத்த அளவுதான். அன்று வெயிலில் நின்ற தார்ச்சாலை அதைவிட வெகுவாகச் சுட்டிருக்கும். இன்னொன்றையும் பிள்ளைகள் கவனிக்கலாம்: பஞ்சாங்கப்படி அக்னி நட்சத்திரம் மே 28 வாக்கில் முடிந்துவிடும். அந்த உச்ச வெப்பமோ அதற்குப் பிறகு வந்தது.

எந்த மழை, யாருக்கு?

ஆறாம் வாக்கியத்தில் தவறு ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது: 'எல்லா.' மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து, கேரளத்திலும் மலையின் மேற்குச் சரிவிலும் மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று சூடேறி உலர்ந்துவிடுகிறது. அதனால் கிழக்குச் சமவெளி மழை மறைவுப் பகுதியாகிறது. அக்டோபரில் காற்று திசை மாறி, வங்கக் கடலைக் கடந்து ஈரத்துடன் வரும்போதுதான் கடலோர மாவட்டங்களுக்கு மழைக்காலம்.

மலை மேலிருக்கும் ஊர்களின் கணக்கு வேறு. நீலகிரியின் கூடலூர், தேவாலா, வால்பாறை அருகே சின்னக்கல்லாறு ஆகியவை தென்மேற்குப் பருவத்தில்தான் நனைகின்றன. வேலூர் போன்ற உள் மாவட்டத்திலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேரத்தில் பெய்யும் இடிமழைகள் சேர்ந்து வடகிழக்குப் பருவமழையை மிஞ்சிவிடுகின்றன. எனவே திருத்தம்: "தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதிக மழையைத் தருவது வடகிழக்குப் பருவமழை. நீலகிரி, வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழை."

இந்த வாக்கியத்தைக் கடலூரில் படிக்கும் பிள்ளை 'சரி' என்றும் கூடலூரில் படிக்கும் பிள்ளை 'தவறு' என்றும் குறிக்கலாம். இருவரும் தங்கள் ஊரில் கண்டதையே எழுதியிருக்கிறார்கள். அதனால் ஆசிரியர் தம் மாவட்டத்தின் மழைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்துக்கு வர வேண்டும்.

அமைதியான கண்

ஏழாம் வாக்கியம் சரி. ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் 'தவறு' என்றே குறிப்பார்கள். புயலின் நடுப்பகுதிதான் கொடூரமாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. வலுத்த புயலில் காற்று ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது. மிகக் கடுமையான காற்றும் மழையும் அந்த மையத்தைச் சூழ்ந்த வளையத்தில் இருக்கும். அதைக் கண்சுவர் என்பார்கள். நடுவே, பொதுவாகச் சில பத்து கி.மீ. அகலத்துக்கு, காற்று அடங்கிய பகுதி இருக்கும். அதுதான் கண்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு புயலின் பாதையில் இருக்கும் ஊரை வைத்துப் பார்ப்போம். கிழக்கே கடலிலிருந்து புயல் நெருங்குகிறது. பூமியின் வட பாதியில் புயல் இடஞ்சுழியாகச் சுழலும். எனவே முதலில் ஊரில் வடக்கிலிருந்து காற்று அறையும். பிறகு கண் வரும்போது திடீரென்று அடங்கும். கண் கடந்ததும் வளையத்தின் மறுபக்கம் வந்து சேர, காற்று தெற்கிலிருந்து அறையத் தொடங்கும். வடக்கிலிருந்து வந்த அடியில் ஆட்டங்கண்ட மரங்களும் கூரைகளும் எதிர்த்திசை அடியில் விழுந்துவிடும்.

பிள்ளை எழுத வேண்டிய காரணம் ஒரு வரிதான்: "கடுங்காற்று கண்ணைச் சுற்றியுள்ள வளையத்தில் இருக்கிறது, கண்ணுக்குள் இல்லை." அதோடு ஓர் எச்சரிக்கையும் சேர வேண்டும். காற்று நின்றதும் புயல் முடிந்துவிட்டது என்று வெளியே வருபவர்கள்தான் இரண்டாவது அடியில் சிக்குகிறார்கள். புயல் முழுவதும் கரையைக் கடந்துவிட்டது என்று அதிகாரபூர்வ அறிவிப்பு வரும்வரை வீட்டுக்குள் இருக்க வேண்டும். எல்லாப் புயலுக்கும் தெளிவான கண் இருக்காது என்பதையும் சொல்லிவைப்பது நல்லது. வலுக்குறைந்த புயல்களில் அது உருவாவதில்லை.

இரண்டு பிரச்சினைகள், ஒரே முடிச்சு

எட்டாம் வாக்கியத்தில் இரண்டு உண்மைகள் தவறாக முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. ஓசோன் படலம் மெலிந்தது உண்மை. பூமி சூடாவதும் உண்மை. முதலாவதால் இரண்டாவது நேர்ந்தது என்பதுதான் தவறு.

ஓசோன் படலம் தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களில் கேடு விளைவிப்பவற்றை அது தடுக்கிறது. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளூரோகார்பன் வாயுக்கள் அதைச் சிதைத்தன. அண்டார்டிகாவுக்கு மேலே ஆண்டுதோறும் அது பெரிதும் மெலிவதை விஞ்ஞானிகள் 1985-இல் வெளியிட்டார்கள். 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாகி, அந்த வாயுக்கள் படிப்படியாகக் கைவிடப்பட்டன. படலம் இப்போது மெல்ல மீண்டு வருகிறது. அந்த ஓட்டையால் வரும் முக்கியக் கேடு, தோல் புற்றுநோய் போன்ற புற ஊதாப் பாதிப்புகள்.

பூமி சூடாவதில் பிரச்சினை வெப்பம் வெளியேறும் வழியில் இருக்கிறது. சூரிய ஒளியில் சூடான தரை அந்த வெப்பத்தை மீண்டும் விண்வெளிக்கு அனுப்பப் பார்க்கிறது. கரியமில வாயு, மீத்தேன் போன்றவை அதில் ஒரு பகுதியை உறிஞ்சித் தடுக்கின்றன. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு சுமார் 280 என்றிருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் இதைத் தொடர்ந்து அளந்து வருகிறார்கள்.

திருத்தம்: "நிலக்கரி, பெட்ரோல் போன்றவற்றை எரிப்பதால் கூடும் கரியமில வாயு, பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் தடுப்பதால் பூமி சூடாகிறது." இந்தத் திருத்தம் பிள்ளைக்கு ஏன் முக்கியம்? ஓசோன்தான் காரணம் என்று நம்பும் பிள்ளை, பழைய குளிர்பதன வாயுக்களை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். காரணம் தவறினால் தீர்வும் தவறிவிடும்.

எப்படித் திருத்துவது?

ஒரு வாக்கியத்துக்கு 4 மதிப்பெண் என்று வைத்தால், முடிவுக்கு 1, திருத்தத்துக்கு 2, சான்றுக்கு 1 என்று பிரிக்கலாம். முதல் வாக்கியத்துக்கு மூன்று மாணவர்கள் எழுதக்கூடிய விடைகளைப் பார்ப்போம்.

முதல் மாணவர்: "தவறு. பூமி அருகில் வருவதால் வெப்பம் கூடுவதில்லை." இவருக்கு 1 மதிப்பெண். முடிவு சரி, ஆனால் திருத்தம் இல்லை.

இரண்டாம் மாணவர்: "தவறு. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் கோடை வருகிறது." இவருக்கும் 1 மதிப்பெண்தான். ஆனால் இது முதல் விடையைவிட நிறையச் சொல்கிறது. இரவு பகலுக்கான காரணத்தைப் பருவங்களுக்கு மாற்றிப் போட்டிருக்கிறார். அடுத்த வகுப்பில் ஆசிரியர் எதைச் சொல்ல வேண்டும் என்பது இந்த விடையில் இருக்கிறது.

மூன்றாம் மாணவர்: "தவறு. கதிர்கள் செங்குத்தாக விழுவதால் வெப்பம் கூடுகிறது. ஏப்ரலில் குச்சியின் நிழல் சாயவில்லை, டிசம்பரில் நீளமாக விழுந்தது." இவருக்கு முழு மதிப்பெண். பகல் நீள்வதை அவர் விட்டிருக்கிறார். அதை ஓரத்தில் குறித்துக் கொடுத்தால் போதும்.

தாளைக் கொடுத்ததும் பிள்ளைகள் முதலில் தனித்தனியே குறிக்க வேண்டும். பிறகு இருவர் இருவராகப் பேசி, வேறு நிறப் பேனாவால் திருத்த வேண்டும். முதலில் எழுதியதை அழிக்கக் கூடாது. பழைய எண்ணமும் புதிய விடையும் ஒரே தாளில் இருந்தால்தான் எது மாறியது என்று பிள்ளைக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும்.

கடைசியாக, ஆசிரியர்கள் அவசியம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தவறான வாக்கியங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், சில நாட்களில் 'தவறு' என்ற குறிப்பு மறந்துபோய் வாக்கியம் மட்டும் மனத்தில் தங்கிவிடும். அதனால் வகுப்பு முடிவதற்குள் அந்த ஐந்து தவறான வாக்கியங்களையும் கரும்பலகையிலிருந்து அழித்துவிடுங்கள். திருத்திய வாக்கியங்களையும் சரியான மூன்றையும் மட்டும் எழுதி, பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். பெற்றோர்களே, பிள்ளை இந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தால் எத்தனை 'டிக்' என்று எண்ண வேண்டாம். திருத்தி எழுதிய வரிகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.